2 நிமிடம் பிளாங்க் நிற்கிறேன், வலிப்பது வயிறு இல்லை, இடுப்பு

மொட்டைமாடி | மார்ச் 3, இரவு 9.40

நேரடியாகக் கேட்டுவிடுகிறேன். ஆபீஸில் முப்பது நாள் பிளாங்க் சவால், அதாவது முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பைக் குப்புற நேராகப் பிடித்து நிற்பது. முதல் நாள் 20 விநாடி, கடைசி நாள் 5 நிமிடம் என்று ஒரு அட்டவணை வாட்ஸ்அப்பில் வந்தது, ஒன்பது பேர் சேர்ந்தோம், இப்போது நான்கு பேர்தான் மிச்சம். எனக்கு இன்று பதினெட்டாவது நாள், 2 நிமிடம் நின்றுவிட்டேன். வயது 41, எடை 78. பிரச்சினை என்னவென்றால் முடித்து எழுந்தால் வயிறு ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கிறது, அடிமுதுகுதான் பிடித்துக்கொள்கிறது, பெல்ட் கட்டும் இடத்தில், இரண்டு பக்கமும். காலில் இறங்கும் வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை. காலையில் பல் தேய்க்க வாஷ்பேசினில் குனியும்போது ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

பக்கத்து சீட்காரர் "அது கோர் பலமாகிற வலி, விடாதே" என்கிறார். 5 நிமிடத்தை விடவும் மனசில்லை. எத்தனை நிமிடம் நின்றால் உண்மையில் பலன்?

ஜிம்தம்பி | மார்ச் 3, இரவு 10.15

அண்ணே, தொப்புளை முதுகெலும்பில் ஒட்டுகிற மாதிரி உள்ளே இழுத்துப் பிடிங்க. வயிறு வேலை செய்யாததால்தான் முதுகு வலிக்குது. எங்க டிரெய்னர் சொன்னது.

செல்வி (பிசியோ) | மார்ச் 4, காலை 6.50

ஜிம்தம்பி சொன்னதில் பாதி சரி, வயிறு வேலை செய்யவில்லை என்ற பாதி. இன்னொரு பாதிக்கு அப்புறம் வருகிறேன்.

மொட்டைமாடி, நிமிடக் கணக்கை ஓரமாக வையுங்கள். இன்றைக்கு நிற்கும்போது பக்கவாட்டில் இருந்து வீடியோ எடுங்கள். போனைத் தரையில், தண்ணீர் பாட்டிலில் சாய்த்து, உங்கள் இடுப்புக்கு நேர் எதிரே ஆறேழு அடி தள்ளி வையுங்கள். தலைப் பக்கம் வைத்தால் கோணம் ஏமாற்றும், மேலே இருந்து எடுத்தால் இடுப்பு இறங்குவதே தெரியாது. சட்டையை உள்ளே செருகிக்கொள்ளுங்கள். எத்தனையாவது விநாடியில் உடல் வடிவம் மாறுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் நேரத்தை விட எனக்கு அந்த விநாடிதான் வேண்டும்.

மொட்டைமாடி | மார்ச் 4, இரவு 9.05

எடுத்தேன். பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் யாரிடமும் பேசவில்லை. மாமியார் பின்னால் துணி எடுக்க வருவதும் பதிவாகியிருக்கிறது, அதை விடுங்கள்.

0 முதல் 20 விநாடி வரை ஓரளவு நேர்க்கோடு. 24ல் புட்டம் மேலே போகிறது. நான் தூக்கியதாக ஞாபகமே இல்லை. 40 வரைக்கும் கூரை மாதிரி நிற்கிறேன், அந்த நேரத்தில் "இன்றைக்கு சுலபமாக இருக்கிறதே" என்று நினைத்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. 45ல் மெதுவாகக் கீழே வருகிறது, நேர்க்கோட்டில் நிற்காமல் அதையும் தாண்டி இறங்குகிறது. 55க்கு மேல் நடுவில் தொங்கும் கயிற்றுக்கட்டில்தான். அதற்கப்புறம் 2 நிமிடம் வரை அதே தொங்கல், நடுவில் இரண்டு தடவை ஒரு குலுக்கு குலுக்கி மேலே தூக்கி, மறுபடி தொங்கல்.

இன்னொன்று. நேரம் பார்க்க வாட்சை முன்னால் தரையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு தடவை தலையைத் தூக்கி அதைப் பார்க்கும்போதும் நெஞ்சு இறங்கி இடுப்பும் கூடவே இறங்குகிறது. வீடியோவில் அச்சு அசலாகத் தெரிகிறது.

ஆக, 120 விநாடியில் உருப்படியானது 24தானா?

செல்வி (பிசியோ) | மார்ச் 5, காலை 7.10

24தான். வருத்தப்பட வேண்டாம், என்னிடம் வருபவர்களில் "2 நிமிடம் நிற்பேன்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கு அடிக்கடி இப்படித்தான் வருகிறது.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் மேலே போனது, அப்புறம்தான் கீழே. வயிறு களைத்ததும் உடம்பு முதலில் தேடுவது சுலபமான வழி. புட்டத்தைத் தூக்கினால் பாரம் தோளுக்கும் காலுக்கும் போய்விடும், வயிற்றுக்கு ஓய்வு. "இன்றைக்கு சுலபமாக இருக்கிறதே" என்று தோன்றியது அதனால்தான். பிறகு தோளும் களைத்ததும் அந்த வழியும் அடைபடுகிறது. அதற்குமேல் தசையை விட்டுவிட்டு மூட்டிலும் தசைநாரிலும் தொங்குகிறீர்கள். அடிமுதுகு பின்பக்கமாக வளைந்து, முதுகெலும்பின் பின்புற மூட்டுகள் ஒன்றோடொன்று அழுந்துகின்றன. தொடையை வயிற்றோடு இணைக்கும் முன்பக்கத் தசை வேறு, முதுகெலும்பை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கிறது. பெல்ட் கட்டும் இடத்தில் இரண்டு பக்கமும் பிடிப்பது அந்த 65 விநாடித் தொங்கலின் பில். பக்கத்து சீட்காரரிடம் சொல்லுங்கள், அது கோர் பலமாகிற வலி இல்லை.

வலி காலில் இறங்கினாலோ மரத்துப்போனாலோ இங்கே எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் போய்க் காட்டுங்கள்.

கலா_தஞ்சை | மார்ச் 5, மதியம் 1.30

தினமும் எத்தனை நிமிடம் பிளாங்க் செய்தால் தொப்பை குறையும்? ஒரு மாதத்தில் முடியுமா? மகள் கல்யாணம் ஏப்ரலில்.

செல்வி (பிசியோ) | மார்ச் 5, மாலை 4.00

குறையாது அக்கா. பிளாங்க் வயிற்றுத் தசைக்குத்தான், மேலே இருக்கும் கொழுப்புக்கு அது தெரியவே தெரியாது. கல்யாணத்துக்கு வாழ்த்துகள்.

கொத்தனார் மகன் | மார்ச் 5, இரவு 8.20

நான் சிவில். அப்பா கொத்தனார். நீங்கள் மூன்று நாளாகப் பேசுவதைப் படித்ததும் எனக்குக் கட்டடம்தான் தெரிகிறது.

நேராக நிற்கும் பிளாங்க் ஒரு உத்திரம். ஒரு முனை முழங்கையில், மறுமுனை கால்விரலில். எடை நடுவில் கீழே வளைக்கப் பார்க்கிறது, உத்திரம் வளையாமல் தாங்குகிறது. அந்த வளையாமைதான் வயிற்றுக்குக் கொடுக்கிற வேலை. புட்டத்தைத் தூக்கினால் அது உத்திரம் இல்லை, ஆர்ச். ஆர்ச்சில் பாரம் வளைவு வழியாக இரண்டு காலுக்கும் இறங்கிவிடும், நடுவில் வளைக்கிற விசை குறைந்துவிடும். பழைய பாலமெல்லாம் கம்பியே இல்லாமல் நிற்கிறதே, அதே கதை. இடுப்பு தொங்கினால் அது ஊஞ்சல் கயிறு. கயிற்றுக்கு விறைப்பே தேவையில்லை, சும்மா தொங்கினால் போதும், அறுந்து விழாது.

உத்திரத்தின் நீளம் கூடினால் நடுவில் வேலை கூடும். அப்படியானால் முழங்கையை இன்னும் முன்னால் தள்ளி வைத்தால் கஷ்டமாகுமா? சும்மா கேட்கிறேன், நான் பிளாங்க் செய்ததே இல்லை.

செல்வி (பிசியோ) | மார்ச் 5, இரவு 9.45

செய்யாதவர் சரியாகச் சொல்லிவிட்டார். முழங்கை தோளுக்கு நேர் கீழே இருப்பது சாதாரண நிலை. நாலு விரற்கடை முன்னால் தள்ளினாலே வித்தியாசம் தெரியும், ஒரு சாண் தள்ளினால் பலருக்கு 15 விநாடி தாண்டாது. முட்டி போட்டு நிற்பது ஏன் சுலபம் என்பதற்கும் இதே பதில், உத்திரம் குட்டையாகிவிடுகிறது.

கயிறு உவமை மட்டும் முழுசாகப் பொருந்தாது. தொங்கும்போதும் வயிற்றுத் தசை கொஞ்சம் வேலை செய்துகொண்டுதான் இருக்கும், நீண்டு இழுபட்ட நிலையில். ஆனால் சொல்லவந்த விஷயம் சரி.

மொட்டைமாடி | மார்ச் 6, இரவு 9.30

மாப் கம்பை வைத்து ஒரு சோதனை படித்தேன், செய்தும் பார்த்தேன். நீளவாக்கில் முதுகின் மேல் வைக்கச் சொன்னேன் (பையன் உதவி). பின்னந்தலை, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, புட்டத்துக்கு மேல் இருக்கும் தட்டையான எலும்பு, இந்த மூன்று இடத்தில் கம்பு தொட வேண்டும். அடிமுதுகில் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருக்கலாம். இடுப்பு தொங்கியபோது பையன் முஷ்டியே நுழைந்தது. கம்பு இருந்தால் வீடியோவே தேவையில்லை, தொங்குவதும் தெரிந்துவிடும், தூக்குவதும் தெரிந்துவிடும்.

கொத்தனார் மகன் | மார்ச் 6, இரவு 10.10

தூக்குவது எப்படித் தெரியும்? தூக்கும்போது மடங்குவது தொடை சேருகிற இடத்தில். முதுகு அதே மாதிரி நேராகத்தானே இருக்கும்? கம்பு முதுகின் மேல்தான் இருக்கிறது, காலைத் தொடவில்லையே.

மொட்டைமாடி | மார்ச் 7, காலை 6.30

எழுந்ததும் சோதித்தேன். கொத்தனார் மகன் சொன்னதுதான் சரி, என் முந்தைய குறிப்பின் கடைசி வரியைப் படித்தவர்கள் அடித்துவிடுங்கள். புட்டத்தைக் கூரை மாதிரி தூக்கி நின்றேன், கம்பு மூன்று இடத்திலும் அப்படியே ஒட்டி உட்கார்ந்திருக்கிறது, "ரொம்ப கரெக்டா இருக்குப்பா" என்கிறான் பையன்.

கம்பு தொங்கலை மட்டும்தான் பிடிக்கும்.

கொத்தனார் மகன் | மார்ச் 7, காலை 8.00

சுவர் கட்டும்போது செய்கிற மாதிரி நூல் பிடியுங்கள். தோள் மூட்டில் இருந்து கணுக்கால் எலும்பு வரை ஒரு நூலை இழுத்தால் இடுப்பு மூட்டு (பக்கவாட்டில் கை வைத்தால் தொடையின் மேல் பகுதியில் துருத்தும் எலும்பு) நூல் மேலேயே வரவேண்டும். மேலே நின்றால் ஆர்ச், கீழே நின்றால் கயிறு. வீடியோவை நிறுத்தி ஸ்கிரீனில் ஸ்கேல் வைத்தும் பார்க்கலாம், ஆனால் நூல் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

செல்வி (பிசியோ) | மார்ச் 7, மதியம் 2.20

நூல் நல்ல யோசனை, நான் திருடிக்கொள்கிறேன்.

தொங்கல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே காட்டிக்கொடுக்கும் ஒன்று இருக்கிறது. பேண்ட்டின் இடுப்புப் பட்டையைப் பாருங்கள். பக்கவாட்டு வீடியோவில் அது ஏறக்குறைய செங்குத்தாக நிற்க வேண்டும். இடுப்பெலும்பு சாய ஆரம்பித்தால் பட்டையின் தரைப்பக்க நுனி காலை நோக்கி நகரும். இடுப்பு ஒரு அங்குலம்கூட இறங்குவதற்கு முன்பே பட்டை சாய்ந்துவிடும். அதற்கும் முன்னால் நடப்பது புட்டம் தளர்வது, அதை நீங்களே உள்ளுக்குள் உணரலாம்.

மொட்டைமாடி | மார்ச் 7, இரவு 9.15

டிராக் பேண்ட்டில் வெள்ளை எலாஸ்டிக் பட்டை இருக்கிறது, பழைய வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 19வது விநாடியிலேயே சாய்கிறது. அதாவது 24ல் நான் புட்டத்தைத் தூக்கியதே அந்தச் சாய்வில் இருந்து தப்பிக்கத்தான் போல. என் 24 இப்போது 19 ஆகிவிட்டது. இதில் இறங்குமுகம்தான் எனக்கு.

நெடுந்தூரம் | மார்ச் 8, காலை 5.50

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று தோன்றுகிறது. அமெரிக்க ராணுவம் 2022ல் தன் உடற்தகுதித் தேர்விலேயே பிளாங்க் கொண்டுவந்தது. அங்கே முழு மதிப்பெண் வாங்க 3 நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டும். செக் நாட்டின் யோசப் ஷாலெக் 2023ல் 9 மணி 38 நிமிடம் நின்றார். கனடாவின் டோனாஜீன் வைல்ட் 58 வயதில், 2024ல், 4 மணி 30 நிமிடம். நேரத்துக்கு அர்த்தமே இல்லையென்றால் இவர்களெல்லாம் என்ன செய்கிறார்கள்? நான் மாரத்தான் ஓடுகிறேன், வாரம் ஒருமுறை 4 நிமிடம் நிற்கிறேன், எனக்கு முதுகுவலி இல்லை.

செல்வி (பிசியோ) | மார்ச் 8, காலை 9.30

ராணுவம் வைத்திருப்பது தேர்வு. ஒரே அளவுகோலில் ஆயிரக்கணக்கானவர்களை அளக்க ஒரு வழி வேண்டும், கீழ்முதுகை மடக்கி மடக்கி எழும் பயிற்சிகளை விட இதில் காயம் குறைவு, அளப்பதும் சுலபம். தேர்வுக்குத் தினமும் தேர்வையே எழுதிப் படிப்பவர் உண்டா? சாதனைக்காரர்கள் நிற்பது சாதனைக்காக. 9 மணி நேரம் நின்றவரின் வயிறு 9 நிமிடம் நின்றவரை விட 60 மடங்கு பலமா?

பலம் என்றால் எவ்வளவு பெரிய விசையைத் தாங்க முடியும் என்பது. 2 நிமிடம் நிற்க முடிகிற நிலை என்றாலே அந்த விசை உங்களுக்குச் சிறியது என்று அர்த்தம். அதையே 4 நிமிடம் ஆக்கினால் சிறிய விசையை அதிக நேரம் தாங்கப் பழகுகிறீர்கள். சகிப்புத்தன்மை, அதற்கும் ஒரு மதிப்பு உண்டு, ஆனால் கேள்வி பலத்தைப் பற்றியது.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் என்பவர் 10 விநாடிப் பிடிப்புகளைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறார். இறுக்கிப் பிடித்த தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது, விட்டதும் திரும்புகிறது. குட்டிக் குட்டியாகச் செய்தால் வடிவம் கெடும் அளவுக்குக் களைக்காமலே மொத்த வேலையைக் கூட்டலாம். அவருடைய பிரபலமான மூன்று பயிற்சிகளில் பக்கவாட்டு பிளாங்க் இருக்கிறது, நாம் இங்கே சண்டை போடுகிற குப்புற பிளாங்க் இல்லவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நெடுந்தூரம் சார், உங்கள் 4 நிமிடத்துக்கு வீடியோ இருக்கிறதா?

நெடுந்தூரம் | மார்ச் 8, காலை 9.41

இல்லை.

மொட்டைமாடி | மார்ச் 8, இரவு 10.00

😀

சரி, அக்கா, என்ன செய்யட்டும்? சவாலில் இருந்து விலகினேன் என்று குரூப்பில் போட்டுவிட்டேன், எதிர்பார்த்த கிண்டல் எல்லாம் வந்து சேர்ந்தது.

செல்வி (பிசியோ) | மார்ச் 9, காலை 7.00

முதலில் நாலைந்து நாள் முழு ஓய்வு, வாஷ்பேசின் வலி போகட்டும். அப்புறம் இப்படி.

முழங்கை தோளுக்கு நேர் கீழே. முழங்கையால் தரையைத் தள்ளுங்கள், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் மார்பு தொங்கக் கூடாது. கண் இரண்டு கைக்கும் நடுவில் தரையைப் பார்க்கட்டும், வாட்ச் வேண்டுமானால் முகத்துக்கு நேர் கீழே. இரண்டு புட்டத்தையும் இறுக்குங்கள், முட்டியை விறைப்பாக்குங்கள். வயிற்றில் யாரோ விரலால் குத்தப்போகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீர்களோ அப்படி. ஜிம்தம்பி சொன்னதின் மறுபாதி இங்கே வருகிறது. தொப்புளை உள்ளே உறிஞ்சினால் வயிறு குறுகும், சுற்றிலும் விறைக்காது. கூடாரத்தின் கயிறுகளை உள்ளே இழுத்துக் கட்டினால் கூடாரம் நிற்காது, அகலமாகக் கட்டினால்தான் நிற்கும். கடைசியாக, முழங்கை இரண்டையும் காலை நோக்கி இழுப்பது போல் விசை கொடுங்கள், நகராமல். இதுதான் எல்லாவற்றையும் மாற்றும்.

இப்படி 10 விநாடி, இறங்கி நாலைந்து மூச்சு. ஆறு தடவை. ஒரு நிமிடம் ஓய்வு. நான்கு தடவை. ஓய்வு. இரண்டு தடவை. வாரம் நாலு நாள் போதும்.

ஜிம்தம்பி | மார்ச் 9, காலை 7.25

அக்கா, உள்ளே இழுக்கிறதும் ஒரு முறைதானே, அந்த ஆழமான வயிற்றுத் தசைக்கு அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறாங்க? எங்க டிரெய்னர் சும்மா சொல்லமாட்டாரு.

செல்வி (பிசியோ) | மார்ச் 9, காலை 8.00

உங்கள் டிரெய்னர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை தம்பி, அப்படிச் சொல்லும் ஒரு பிசியோ மரபே இருக்கிறது, படுத்த நிலையில் தசையை உணரப் பழக்க அதை நானும் பயன்படுத்துவேன். உடல் எடையைத் தாங்கும்போது வேண்டாம் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியும் உண்டு.

மொட்டைமாடி | மார்ச் 14, இரவு 9.00

வலி போய்விட்டது. இன்று முதல் தடவை.

6, 4, 2, மொத்தம் 12 தடவை, தலா 10 விநாடி. கூட்டினால் 120 விநாடி. அதே 2 நிமிடம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எட்டாவது தடவையில் தொடை நடுங்கியது, வயிறு நடுங்கியது, பத்தாவதில் முழங்கையை இழுக்கும் விசையைக் கொடுக்கவே முடியவில்லை. போன மாதத்தின் எந்த 2 நிமிடமும் இப்படி இருந்ததில்லை.

ஒரு தப்பு செய்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். 10 விநாடிதானே என்று அடக்கியிருக்கிறேன், ஐந்தாவது முடிவில் கண்ணில் பூச்சி பறந்தது.

ஓய்வு67 | மார்ச் 15, காலை 6.10

தம்பி, மூச்சு விஷயம் என் போன்றவர்களுக்கு விளையாட்டில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் சொல்லி இதை ஆரம்பித்து, பல்லைக் கடித்து மூச்சடக்கி நின்றபோது தலை கிர்ரென்றது. டாக்டர் திட்டினார். இறுக்கிப் பிடித்து நிற்கும் பயிற்சி என்றாலே பிரஷர் ஏறும், மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும் என்றார். இப்போது சுவரில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறேன், விநாடி எண்ணாமல் மூச்சை எண்ணுகிறேன். மூன்று மூச்சு, விலகல். அவ்வளவுதான் என் சாதனை.

செல்வி (பிசியோ) | மார்ச் 15, காலை 7.30

ஐயா சொன்னதை எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். மூச்சை எண்ணினால் அடக்க முடியாது. 10 விநாடி என்பது நிதானமாக மூன்று மூச்சுக்குப் பக்கத்தில் வரும். சுவர், அப்புறம் மேசை விளிம்பு, அப்புறம் கட்டில், அப்புறம் தரை என்று உயரத்தைக் குறைத்துக்கொண்டே வருவது முட்டி போடுவதைவிட எனக்குப் பிடித்த வழி, உடல் முழு நீளத்தில் இருப்பதால் வடிவம் பழகும்.

ரெட்டைப்பிள்ளை அம்மா | மார்ச் 15, இரவு 11.20

இரண்டாவது சிசேரியன் ஆகி ஏழு மாதம். இவர்கள் சொன்ன மாதிரி நேர்க்கோடு, புட்டம், எல்லாம் சரியாக இருக்கிறது, கணவர் வீடியோ எடுத்துப் பார்த்தார். ஆனால் நிற்கும்போது வயிற்றின் நடுவில், தொப்புளுக்கு மேலே, நெடுக ஒரு மேடு மாதிரி கூர்மையாகத் துருத்துகிறது. வலி இல்லை. தொடரலாமா?

செல்வி (பிசியோ) | மார்ச் 16, காலை 6.40

தரையில் செய்வதை நிறுத்தி வையுங்கள் அம்மா. வெளியே நேர்க்கோடாக இருந்தாலும், நடுக்கோட்டில் கூம்பு மாதிரி எழுந்தால் அந்தப் பாரத்தை வயிற்றுச் சுவரால் இப்போது சமாளிக்க முடியவில்லை என்று பொருள். பிரசவத்தில் இரண்டு பக்கத் தசைகளும் விலகியிருக்கலாம், நேரில் ஒரு பிசியோவிடம் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை ஐயா செய்கிற சுவர்ப் பிளாங்க், அதிலும் மேடு எழுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். எழாத உயரம்தான் உங்கள் உயரம்.

மொட்டைமாடி | ஏப்ரல் 6, இரவு 8.50

மூன்று வாரம் ஆகிறது. 6-4-2 இப்போது சுலபம். இயல்பாகவே 10ஐ 20 ஆக்கலாமா என்று கை துறுதுறுக்கிறது.

செல்வி (பிசியோ) | ஏப்ரல் 7, காலை 7.00

ஆக்காதீர்கள். நேரத்தைத் தொடாமல் உத்திரத்தை நீட்டுங்கள். முழங்கை நாலு விரற்கடை முன்னால். அதனுடன் புட்டத்தை இறுக்கும்போது வால் எலும்பைக் காலுக்கு நடுவே சுருட்டுவது போல இடுப்பைச் சற்று உள்ளே மடக்குங்கள். 2014ல் வந்த ஒரு ஆய்வில் இப்படி முழங்கையை முன்னால் தள்ளி இடுப்பை மடக்கிய பிளாங்கையும் சாதாரண பிளாங்கையும் மின்முனை ஒட்டி ஒப்பிட்டார்கள், மாற்றியதில்தான் வயிற்றுத் தசை அதிகமாக வேலை செய்தது.

ஒரே மூச்சில் எவ்வளவு நிற்கலாம் என்றால், சுத்தமான வடிவத்தில் 30 விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். அதுவும் சோதனைக்கு, மாதம் ஒருமுறை. ஒரு நிமிடம் நோகாமல் நிற்க முடிந்தால் அந்தப் பிளாங்க் உங்களுக்கு முடிந்துபோன பாடம், கஷ்டமான வகைக்குப் போங்கள்.

கொத்தனார் மகன் | ஏப்ரல் 7, இரவு 9.00

ஒரு சந்தேகம். முன்னால் நேர்க்கோடு என்று பேசினோம், உள்ளங்கை நுழையும் இடைவெளி இருக்கலாம் என்றது கம்புச் சோதனை. இப்போது இடுப்பை மடக்கினால் அந்த இடைவெளி காணாமல் போகுமே? எது சரி?

செல்வி (பிசியோ) | ஏப்ரல் 8, காலை 6.55

மாட்டிவிட்டீர்கள். இயல்பான வளைவை மாற்றாதே என்பவர்கள் ஒரு பக்கம், மெக்கில் அந்தப் பக்கம். மடக்கினால் வயிறு நன்றாகப் பிடிக்கும், தொங்கலுக்கும் இடமில்லை என்பவர்கள் மறுபக்கம். நான் நோயாளியைப் பார்த்து முடிவு செய்கிறேன். மொட்டைமாடி மாதிரி பின்னால் வளைந்து வலி வரவழைத்தவருக்கு மடக்கச் சொல்கிறேன். குனிந்தால் வலிக்கும் டிஸ்க் பிரச்சினைக்காரருக்கு மடக்கு என்று சொல்லமாட்டேன், இயல்பான நிலையிலேயே நிறுத்துவேன். நாளைக்கு வேறு மாதிரி சொன்னாலும் சொல்வேன்.

நெடுந்தூரம் | ஏப்ரல் 12, மாலை 6.30

வீடியோ எடுத்தேன். 4 நிமிடத்தில் நான் தொங்கவில்லை, நூல் பிடித்தும் பார்த்தேன். 1 நிமிடம் 50க்கு மேல் ஆர்ச், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாரத்தானில் 35 கிலோமீட்டருக்கு அப்புறம் என் உடம்பு மடங்காமல் நிற்பதற்கு இந்த நீண்ட பிடிப்புதான் காரணம் என்று இன்னும் நம்புகிறேன். பலம் இல்லாவிட்டாலும் சகிப்புத்தன்மை என்று நீங்களே சொன்னீர்களே.

செல்வி (பிசியோ) | ஏப்ரல் 12, இரவு 8.10

1.50 வரை உத்திரமாக நின்றீர்கள் என்றால் நல்ல விஷயம்தான் சார். ஓட்டத்துக்கு உதவுகிறதா என்பதில் உங்களை மறுக்க மாட்டேன், ஆதரிக்கவும் மாட்டேன். ஓடும்போது உடம்பு அசைந்துகொண்டே விறைப்பாக இருக்கிறது, பிளாங்க்கில் அசையாமல். மீதி 2 நிமிடம் 10 விநாடியைப் பக்கவாட்டு பிளாங்க்குக்குக் கொடுத்துப் பாருங்கள், ஒற்றைக் காலில் இறங்கும் ஒவ்வொரு அடிக்கும் அதுதான் பக்கத்தில் இருக்கிறது.

மொட்டைமாடி | ஏப்ரல் 27, இரவு 9.20

ஆறு வாரக் கணக்கு. இன்று ஒரே பிடிப்பாக நின்று வீடியோ. எலாஸ்டிக் பட்டை சாய்ந்தது 52வது விநாடியில், அங்கேயே இறங்கிவிட்டேன். 19ல் இருந்து 52. இடையில் ஒருநாள்கூட 10 விநாடியைத் தாண்டி நிற்கவில்லை. வாஷ்பேசின் வலி திரும்பவில்லை.

முழங்கை இப்போது நாலு விரற்கடை முன்னால், 10 விநாடி 6-4-2. அரை சாண் முன்னால் தள்ளிப் பார்த்தேன், ஏழாவது விநாடியில் பட்டை சாய்ந்தது, திரும்ப நாலு விரற்கடைக்கே வந்துவிட்டேன்.

ஆபீஸ் சவாலில் 5 நிமிடம் நின்று ஜெயித்தவர் பக்கத்து சீட்காரர். நேற்று நாற்காலியில் இருந்து எழும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தார். இந்த இழையின் லிங்க்கை அனுப்பினேன், இன்னும் படிக்கவில்லை. மாப் கம்பை மாமியார் தேடுகிறார், போகிறேன்.